குழிவும் கோணலும்: இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் பிளாஸ்டிக் சுருங்கும் கணக்கு

புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், சில மூடிகளின் வழவழப்பான மேற்பரப்பில் நேர்கோடாக ஓடும் மெல்லிய நிழல்கள் தெரியும். விரலால் தடவினால் அங்கே ஏதும் இருப்பதாகவே தோன்றாது. ஆனால் கண் அதைத் தப்பவிடாது. மூடியைத் திருப்பினால், நிழல் விழுந்த இடங்களுக்கு நேர் பின்புறத்தில், வலுவுக்காக வைத்த, ரிப் எனப்படும் விலா எலும்பு போன்ற பட்டைகள் ஓடுவதைக் காணலாம். அதே மூடியைச் சமமான மேசைமீது கவிழ்த்து வைத்தால், இரு முனைகளும் மேசையில் படிந்திருக்க, நீண்ட பக்கத்தின் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். முதல் குறையைப் பட்டறைகளில் சிங்க் மார்க் என்றும், இரண்டாவதை வார்ப்பேஜ் என்றும், பேச்சுவழக்கில் ‘பெண்ட்’ என்றும் சொல்வார்கள். இரண்டையும் தனித்தனி நோய்களாகக் கருதித் தனித்தனியாக மருந்து தேடுவது வழக்கம். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கில் விழுந்த பற்றாக்குறையின் இரு வடிவங்கள்; அதனால்தான் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று மோசமாகிறது.

இதைத் தெளிவாகப் பார்க்க ஒரு மூடியையே எடுத்துக்கொள்வோம். நீளம் 300 மி.மீ., அகலம் 200 மி.மீ., சுவரின் தடிமன் 2.5 மி.மீ.; சுற்றிலும் 12 மி.மீ. உயர விளிம்பு, உட்புறத்தில் நீளவாக்கில் இரண்டும் குறுக்குவாக்கில் மூன்றுமாக 6 மி.மீ. உயர ரிப்கள். வடிவமைத்தவர் ரிப்பின் தடிமனையும் சுவரைப் போலவே 2.5 மி.மீ. என்று வைத்துவிட்டார் என்று கொள்வோம். பொருள் பாலிப்ரொப்பிலீன், அதாவது சந்தையில் பி.பி. என்று அழைக்கப்படுவது. மூடியின் எடை சுமார் 172 கிராம் வரும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாயான கேட், மூடியின் நடுவில் இருக்கிறது.

இயந்திரத்துக்குள் நடப்பது

அரிசிக் குருணை போன்ற பி.பி. மணிகள் ஹாப்பர் வழியாகப் பேரல் என்னும் சூடான உருளைக்குள் விழுகின்றன. உள்ளே சுழலும் ஸ்க்ரூ அவற்றை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே அரைத்துப் பிசைகிறது. பேரலைச் சுற்றிப் பூட்டிய ஹீட்டர்களே பிளாஸ்டிக்கை உருக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு தேவைப்படும் வெப்பத்தின் பெரும்பங்கு, ஸ்க்ரூ பிசையும்போது எழும் உராய்விலிருந்தே வருகிறது. உருகிய பொருள் ஸ்க்ரூவின் முனைக்கு முன்னால் சேரச் சேர, ஸ்க்ரூ பின்னோக்கி நகர்ந்து இடம் கொடுக்கிறது. ஒரு மூடிக்கு வேண்டிய அளவுடன் சற்றுக் கூடுதலாகவும் சேர்ந்ததும் சுழற்சி நிற்கிறது.

அடுத்து அதே ஸ்க்ரூ சுழலாமல், ஒரு பெரிய ஊசிமருந்துக் குழாயின் தண்டைப் போல முன்னோக்கிப் பாய்கிறது. சுமார் 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ள பிளாஸ்டிக், மூடிய அச்சுக்குள் ஒன்றிரண்டு விநாடிகளில் புகுந்து பரவுகிறது. அச்சின் எஃகுச் சுவரோ குளிர்நீர் ஓட்டத்தால் 40 டிகிரி அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எஃகைத் தொட்ட பிளாஸ்டிக் அந்த நொடியிலேயே உறைந்து மெல்லிய தோலாகிவிடும். பின்னால் வரும் உருகல், உறைந்த இரு தோல்களுக்கு நடுவிலுள்ள பாதையில் ஓடி, முனையில் நீரூற்றுப் போல இருபுறமும் மடிந்து புதிய தோலை உண்டாக்கிக்கொண்டே முன்னேறுகிறது. இந்த மூடியின் பரப்பு 600 சதுர செ.மீ. அச்சுக்குள் சராசரியாக 300 பார் அழுத்தம் இருந்தாலும், அச்சைத் திறக்க முயலும் விசை ஏறத்தாழ 180 டன் ஆகும். அதனால்தான் உள்ளங்கையில் கனமே தெரியாத ஒரு மூடிக்கு 200 டன்னுக்கு மேற்பட்ட பூட்டுவிசை கொண்ட இயந்திரம் தேவைப்படுகிறது.

அச்சு 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பியதும் ஆட்டம் மாறுகிறது. அதுவரை வேகத்தைக் கட்டுப்படுத்திய இயந்திரம், இப்போது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்குகிறது. பாய்ச்சலுக்குப் பயன்பட்ட அழுத்தத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தொடர்ந்து கொடுத்து, உள்ளே குளிர்ந்து சுருங்கும் பிளாஸ்டிக்குக்கு ஈடாகப் புதிய உருகலை மெதுவாகத் திணிக்கிறது. இதற்கு ஹோல்டிங் என்று பெயர். ஸ்க்ரூவின் முன்னால் குஷன் எனப்படும் சில மி.மீ. உருகல் மிச்சம் இருந்தால்தான் இந்தத் திணிப்பு அச்சைச் சென்றடையும். கேட் உறைந்தவுடன் வழி அடைபடுகிறது. அதற்குமேல் இயந்திரம் என்ன அழுத்தம் கொடுத்தாலும் மூடிக்குத் தெரியாது. பிறகு குளிர்தல், அச்சுத் திறத்தல், எஜெக்டர் பின்கள் மூடியைத் தள்ளி வெளியேற்றுதல் ஆகியவற்றோடு ஒரு சுற்று முடிகிறது.

பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது

ஒரு கிலோ பி.பி. அறை வெப்பத்தில் சுமார் 1.1 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அதையே 230 டிகிரிக்கு உருக்கினால், அழுத்தம் இல்லாத நிலையில், 1.33 லிட்டர் அளவுக்கு விரிகிறது. அதாவது உருகல் குளிர்ந்து திடமாகும்போது கன அளவில் ஏறத்தாழ 17 சதவீதத்தை இழக்கிறது. இதில் ஒரு பங்கு சாதாரண வெப்பச் சுருக்கம். மற்றொரு பங்கு பி.பி.யின் இயல்பால் வருவது: உருகலில் தாறுமாறாகக் கிடந்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், குளிரும் வழியில் 110 முதல் 130 டிகிரி வாக்கில், துணியை மடித்து அடுக்குவது போல மடிந்து படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. அடுக்கிய துணி குவித்த துணியைவிடக் குறைந்த இடம் பிடிக்கும் அல்லவா? ஏ.பி.எஸ். போன்ற, படிகமாகாத பிளாஸ்டிக்குகளில் இந்த இரண்டாவது பங்கு இல்லாததால், அவற்றின் நீளச் சுருக்கம் பொதுவாக 0.4 முதல் 0.7 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. பி.பி.யில் அது 1 முதல் 2.5 சதவீதம் வரை போகும்.

இந்த 17 சதவீதத்தை எப்படி ஈடுசெய்வது? 500 பார் அழுத்தத்தில் உருகல் தானே நான்கைந்து சதவீதம் இறுகும். ஹோல்டிங் நேரத்தில் திணிக்கப்படும் கூடுதல் பொருள் இன்னொரு பகுதியை நிரப்பும். மிஞ்சியதை அச்சு செய்பவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்கிறார். நம் மூடி 1.5 சதவீதம் சுருங்கும் என்று தெரிந்தால், 300 மி.மீ. நீளத்துக்கு அச்சை ஏறத்தாழ 304.5 மி.மீ. என்று வெட்டிவிடுவார். எனவே சுருக்கம் என்பதே குறையன்று. மூடியின் ஒவ்வொரு புள்ளியும், ஒவ்வொரு திசையிலும், ஒரே அளவு சுருங்கினால், அச்சின் சிறிய பிரதியாக அது குறையில்லாமல் வெளிவரும். தொல்லை முழுவதும் இடத்துக்கு இடம் சுருக்கம் வேறுபடுவதிலிருந்து தொடங்குகிறது.

குழிவு

ரிப்பும் சுவரும் சந்திக்கும் இடத்தின் குறுக்குவெட்டை வரைந்து, அதற்குள் அடங்கக்கூடிய மிகப்பெரிய வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். வெறும் சுவரில் அந்த வட்டத்தின் விட்டம் 2.5 மி.மீ. ரிப்பும் 2.5 மி.மீ. தடிமனாக இருந்து, சந்திக்கும் மூலை 0.5 மி.மீ. ஆரத்தில் உருட்டப்பட்டிருந்தால், அங்கே வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 3.4 மி.மீ. ஆகிறது. கூடியது ஒரு மி.மீ.கூட இல்லை என்று தோன்றலாம். ஆனால் பிளாஸ்டிக் குளிர எடுக்கும் நேரம் தடிமனோடு அன்றி, தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. 230 டிகிரியில் நுழைந்த 2.5 மி.மீ. சுவரின் நடுப்பகுதி, 40 டிகிரி அச்சில் 90 டிகிரிக்கு இறங்கச் சுமார் 11 விநாடி ஆகும் என்றால், ரிப்பின் அடிவாரத்துக்கு ஏறத்தாழ 20 விநாடி ஆகும்.

இந்த ஒன்பது விநாடி இடைவெளியில்தான் குழிவு பிறக்கிறது. சுற்றியுள்ள சுவர் முழுவதும் உறைந்துவிட்டது. கேட்டிலிருந்து வரும் பாதையும் அடைபட்டுவிட்டது. ரிப் அடிவாரத்தின் நடுவில் மட்டும் ஒரு சூடான கரு இன்னும் உருகலாக இருக்கிறது. அது குளிரும்போது சுருங்கியே ஆக வேண்டும்; ஆனால் ஈடுசெய்ய ஒரு துளிப் பொருளும் வர வழியில்லை. ஆகவே அது தன்னைச் சூழ்ந்த தோலை உள்நோக்கி இழுக்கிறது. ரிப் இருக்கும் பக்கம் மூலைகளின் வளைவால் விறைப்பாக இருக்கிறது. எதிர்ப்பக்கமோ வெறும் தட்டையான தோல். எது எளிதில் வளைந்துகொடுக்குமோ அது உள்வாங்குகிறது. மேற்புறத்தில் ரிப்பின் நிழல் விழுவதன் காரணம் இதுவே. பளபளப்பான கறுப்பு மூடியில் தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த குழிவும் கண்ணுக்குத் தெரியும், ஏனெனில் கண் ஆழத்தைப் பார்ப்பதில்லை, ஒளி எதிரொளிக்கும் கோணம் மாறுவதைப் பார்க்கிறது. அதே குழிவு, சொரசொரப்பான மேற்பரப்பில் தெரியாமலே போய்விடும். மோட்டார் வாகன உட்பாகங்களில் தோல் போன்ற வேலைப்பாடு அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு அழகு மட்டுமே காரணமன்று என்று நான் நினைக்கிறேன்.

மேல்தோல் வளைந்துகொடுக்க மறுத்தால் என்ன ஆகும்? சுருக்கம் நின்றுவிடாது. கரு தன் நடுவிலேயே கிழிந்து வெற்றிடக் குமிழாகிறது. அச்சை மிகவும் குளிர வைத்துச் சிங்க்கை ஒழித்துவிட்டோம் என்று மகிழ்பவர்கள் பலமுறை செய்திருப்பது இதைத்தான்: வெளியில் தெரிந்த குறையை உள்ளே தள்ளிவிட்டார்கள். மூடியை ரிப்பின் குறுக்கே அறுத்துப் பார்த்தால் துளை தெரியும். அந்தத் துளை வெற்றிடமா, அல்லது ஈரத்தாலும் காற்றாலும் வந்த வாயுக் குமிழா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அறுக்காத வேறொரு மூடியில் அந்த இடத்தை மெல்லச் சூடாக்கினால், வெற்றிடமாக இருந்தால் மேற்பரப்பு உள்வாங்கும். வாயுவாக இருந்தால் அது உப்பும்.

இனி மருந்துகளைப் பார்க்கலாம். முதலில் செய்ய வேண்டியது, கேட் எப்போது உறைகிறது என்று கண்டுபிடிப்பது. அதற்குத் தேவை ஒரு தராசு மட்டுமே. மற்ற எதையும் மாற்றாமல், ஹோல்டிங் நேரத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு மூடியையும் எடைபோட வேண்டும். எடுத்துக்காட்டாக, 3 விநாடியில் 168.6 கிராம், 5 விநாடியில் 170.8, 7 விநாடியில் 171.9, 8 விநாடியில் 172.2, 9 விநாடியிலும் 172.2 என்று வந்தால், எட்டாவது விநாடி வாக்கில் கேட் உறைந்துவிட்டது என்று பொருள். ஹோல்டிங்கை 5 விநாடியில் நிறுத்தியிருந்தவர், உள்ளே திணித்த உருகலில் ஒரு பகுதியைத் திறந்திருந்த கேட் வழியே திரும்ப வெளியே விட்டிருக்கிறார். நேரத்தை 8 அல்லது 9 விநாடிக்கு மாற்றினாலே குழிவு கணிசமாகக் குறையும். மாறாக, எட்டு விநாடிக்குப் பிறகும் ரிப் அடிவாரம் உருகலாகவே இருந்தாலும், கேட் அடைபட்டுவிட்டதால், ஹோல்டிங்கை 15 விநாடிக்கு நீட்டிப்பதில் மின்சாரச் செலவைத் தவிர வேறு பயன் இல்லை.

இங்கே குறை தோன்றிய விதத்தையும் கவனிக்க வேண்டும். அச்சு ஓடிய முதல் நாளிலிருந்தே ரிப்புக்கு மேலே குழிவு இருந்தால் அது வடிவமைப்பின் பிழை. ஆறு மாதம் நன்றாக ஓடிய அச்சில் ஒரு நாள் திடீரென்று குழிவு தலைகாட்டினால், முதலில் குஷன் அளவைப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூவின் முனையில் உருகல் பின்வாங்காமல் தடுக்கும் வளையம் தேய்ந்துவிட்டால், ஹோல்டிங் சமயத்தில் உருகல் பின்பக்கமாகக் கசிந்து, குஷன் சுற்றுக்குச் சுற்று மாறும் அல்லது பூச்சியமாகிவிடும். திரையில் அழுத்தம் சரியாகவே காட்டும். அந்த அழுத்தம் அச்சுக்குள் போயிருக்காது.

வடிவமைப்பிலேயே உள்ள பிழைக்கு இயந்திர அமைப்புகளால் முழுத் தீர்வு கிடையாது. ரிப்பின் தடிமனைச் சுவரின் பாதியாக, அதாவது 1.25 மி.மீ. ஆகக் குறைத்து, மூலையின் ஆரத்தை 0.3 மி.மீ. ஆக்கினால், அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 2.8 மி.மீ.க்கு இறங்கும். குளிரும் நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த வேறுபாடு 25 சதவீதத்துக்குள் வந்துவிடும். ரிப் மெலிந்தால் மூடி வலுவிழக்குமே என்று கேட்கலாம். தோராயமாக, ரிப்பின் விறைப்பு அதன் தடிமனோடு நேராகவும், உயரத்தின் முப்படியோடும் கூடுகிறது. ஆகவே தடிமனைப் பாதியாக்கினாலும், உயரத்தை 6 மி.மீ.யிலிருந்து 7.5 மி.மீ. அளவுக்கு உயர்த்தினால் இழந்தது திரும்பி வந்துவிடும். எளிதில் கழன்று வர, பக்கங்களுக்கு அரை டிகிரி சாய்வும் தர வேண்டும். அப்போது ரிப்பின் நுனி ஏறத்தாழ 1.1 மி.மீ. தடிமனாக நிற்கும்.

இதைக் காகிதத்தில் செய்யும்போது ஒரு நிமிட வேலை. அச்சு வெட்டிய பிறகு அப்படியில்லை. பிளாஸ்டிக்கில் ரிப்பாக இருப்பது எஃகில் ஒரு பள்ளம். பள்ளத்தை அகலமாக்குவதும் ஆழமாக்குவதும் எளிது. அகலத்தைக் குறைக்க வேண்டுமானால் வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடியும் வெட்ட வேண்டும், அல்லது அந்தப் பகுதியைத் தனித் துண்டாக மாற்ற வேண்டும். அதனால் அனுபவமுள்ள அச்சுப் பட்டறைக்காரர்கள் சந்தேகமான ரிப்பை மெல்லியதாகவே வெட்டித் தொடங்குவார்கள்.

கோணல்

குழிவில் சுருங்கும் கரு தோலை இழுத்தது. கோணலில் மூடியின் ஒரு பகுதி முழுவதும் மற்றொரு பகுதியை இழுக்கிறது. இங்கே வேறுபாடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு தட்டையான தகட்டின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 0.1 சதவீதம் மட்டும் அதிகமாகச் சுருங்குகிறது என்று கொள்வோம். தடிமன் 2.5 மி.மீ., நீளம் 300 மி.மீ. என்றால், தகடு வில்லாக வளைந்து நடுவில் 4.5 மி.மீ. உயரும். மொத்தச் சுருக்கம் 1.5 சதவீதம், அதில் பதினைந்தில் ஒரு பங்கு வேறுபாடு போதும், மூடி மூடவே மூடாது. நம் மூடியில் சுற்று விளிம்பும் ரிப்களும் இழுத்துப் பிடிப்பதால் வளைவு இதைவிடக் குறையும். தீக்குச்சி நுழையும் அந்த 2 மி.மீ. இடைவெளி அப்படி மிஞ்சியதுதான்.

0.1 சதவீத வேறுபாடு எங்கிருந்து வரும்? பி.பி. ஒரு டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் சுருங்கும் என்பதால், உறையும் தருணத்தில் இரு முகங்களுக்கும் 10 டிகிரி வெப்ப வேறுபாடு இருந்தாலே போதும். அச்சின் அமைப்பு இந்த வேறுபாட்டுக்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. மூடியின் மேற்புறத்தைத் தரும் பாதி, கேவிட்டி, திறந்த தட்டு போன்றது. நீர்த்துளைகளை எளிதாக ஓட்டலாம். உட்புறத்தைத் தரும் பாதியான கோரிலோ, ரிப் பள்ளங்களும் எஜெக்டர் பின்களும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மேலும் விளிம்பாலும் ரிப்களாலும் சூழப்பட்டு அது கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே உட்புறம் சூடாக இருக்கும், தாமதமாக உறையும், படிகமாதலும் கூடும், அதிகம் சுருங்கும். சூடான பக்கம் குழிந்து மூடி வளைகிறது. பெட்டிகளின் பக்கச் சுவர்கள் பெரும்பாலும் உள்நோக்கி வளைந்திருப்பதும் இதனால்தான். பெட்டியின் உள்மூலையில் வெப்பம் தங்குமளவுக்கு வேறெங்கும் தங்குவதில்லை.

இந்த இடத்தில் நம் தடித்த ரிப் மறுபடியும் வருகிறது. மேலே குழிவை உண்டாக்கிய அதே ரிப், சுவர் உறைந்த பிறகும் சுருங்கிக்கொண்டிருப்பதால், தன் பக்கமாக மூடியை வில்லாக இழுக்கிறது. கோர் சூடாக இருப்பதும் அதே திசையில்தான் இழுக்கிறது. மூன்றாவதாக, அழுத்தத்தின் பங்கும் உண்டு. கேட் நடுவில் இருப்பதால், மூடியின் நடுப்பகுதி ஹோல்டிங் அழுத்தத்தை முழுமையாகப் பெறுகிறது. மூலைகளை அடைவதற்குள் அந்த அழுத்தம் பெரிதும் தேய்ந்துவிடுகிறது. நன்றாகத் திணிக்கப்பட்ட நடுப்பகுதி குறைவாகவும் ஓரங்கள் அதிகமாகவும் சுருங்குகின்றன. ஓரம் சுருங்கி நடுவில் பொருள் மிகையானால், மிகையான அந்தப் பரப்புக்குச் சமதளத்தில் இடமில்லை. அது கிண்ணம்போல ஒரு பக்கமாக உப்பும். இதற்கு மாறாக ஓரத்தில் பொருள் மிகையானால், மூடி குதிரைச் சேணம்போல இரு திசைகளில் எதிரெதிராக வளையும். வளைந்த மூடியைப் பார்த்தவுடன் அது கிண்ணமா சேணமா என்று கவனிப்பது பாதி நோயறிதல்.

குழிவை ஒழிக்க ஹோல்டிங் அழுத்தத்தை ஏற்றியவருக்கு மூடி ஏன் மேலும் வளைந்தது என்பது இப்போது புரியும். கேட்டுக்கு அருகிலுள்ள ரிப்களில் நிழல் மறைந்திருக்கும். தொலைவிலுள்ள முனைகளில் மறைந்திருக்காது. நடுப்பகுதி மட்டும் மேலும் இறுகி, ஓரத்தோடு அதன் வேறுபாடு கூடியிருக்கும். இன்னும் ஏற்றினால் அச்சு இணையும் கோட்டில் பிசிறாக ஃபிளாஷ் வரத் தொடங்கும். அழுத்தத்தை ஒரே அளவில் கடைசிவரை கொடுக்காமல், தொடக்கத்தில் கூட்டிக் கடைசி விநாடிகளில் படியாக இறக்கினால், தொலைவுப் பகுதிகள் உறையும்வரை திணிப்பும் கிடைக்கும், கேட்டருகே மிகையும் குறையும்.

மூன்று காரணங்களில் எது முதன்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் தொட்டுப் பார்க்கும் வெப்பமானியால், அச்சு திறந்தவுடன் கேவிட்டி, கோர் இரண்டின் எஃகு மேற்பரப்பையும் பல இடங்களில் அளக்க வேண்டும். நீரின் வெப்பம் 25 டிகிரி என்பதால் எஃகும் 25 டிகிரி என்று நம்புவது மிகப் பரவலான தவறு. பிறகு கேவிட்டிக்கு 50 டிகிரி நீரும் கோருக்கு 20 டிகிரி நீரும் கொடுத்து, அச்சு நிலைபெறும்வரை சில பத்துச் சுற்றுகள் ஓட்டிவிட்டு, மூடிகளை எடுத்து வைக்க வேண்டும். வளைவு வெகுவாகக் குறைந்தாலோ எதிர்ப்பக்கம் திரும்பினாலோ, குளிர்தலின் சமமின்மையே முதன்மைக் காரணம். அசையவே இல்லையென்றால் ஹோல்டிங் அழுத்தத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மூடி மசியாவிட்டால், சங்கிலிகள் ஓட்டத் திசையில் நீண்டு உறைவதால் வரும் திசைவேறுபாட்டையும், கேட் இருக்கும் இடத்தையும், சுவர்த் தடிமனையும் சந்தேகிக்கலாம். கண்ணாடி இழை சேர்த்த நைலானில் அந்தத் திசைவேறுபாடு முதலிலேயே சந்தேகத்துக்குரியது: இழைகள் ஓட்டத் திசையில் படுத்துக்கொள்வதால், அத்திசையில் சுருக்கம் 0.3 சதவீதம் அளவிலும் குறுக்கே அதைப் போல இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கும்.

அளவிடும் நேரமும் முக்கியம். அச்சிலிருந்து விழுந்த மூடியைச் சூட்டோடு அளப்பதில் பொருளில்லை. பி.பி. வெளியே வந்த பிறகும் படிகமாகிக்கொண்டே இருக்கும். குறைந்தது ஒரு நாள் கழித்து, சமதளக் கல்லின்மீது வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும்.

அவசரத்தில் பல இடங்களில் செய்வது, சூடான மூடியை மரச்சட்டத்தில் பூட்டி அல்லது மேலே பாரம் வைத்துக் குளிரவிடுவது. இது மூடியை நேராக்குகிறது. ஆனால் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் விசையை நீக்குவதில்லை, அடக்கி வைக்கிறது. மே மாத வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் அடுக்கிக் கிடக்கும்போது, அல்லது வீட்டில் கொதிநீர் படும்போது, பிளாஸ்டிக் இளகி அடங்கிய விசை விடுபட, மூடி தன் பழைய வளைவை நோக்கித் திரும்பிவிடும். வாங்கியபோது பொருந்திய மூடி சில மாதங்களில் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் மூடியில் ரிப்களை 1.25 மி.மீ. ஆக்கி, ஹோல்டிங்கை 8 விநாடியில் படியிறக்கமாக அமைத்து, கோருக்குத் தனிக் குளிர்நீர் கொடுத்தால், குழிவு ஏறத்தாழக் கண்ணிலிருந்து மறையும். வளைவும் விளிம்பு சமாளிக்கக்கூடிய அளவுக்கு இறங்கும். இதிலும் ஒரு பேரம் இருக்கிறது. கேவிட்டியைச் சூடாக வைப்பது பளபளப்புக்கு நல்லது. ஆனால் சூடான மேல்தோல் மென்மையாக இருப்பதால் குழிவுக்கு இடம்கொடுக்கும். ஆகையால் கேவிட்டியை 50 டிகிரியிலேயே விடாமல், வளைவு பொறுத்துக்கொள்ளத்தக்க அளவுக்கு வரும் மிகக் குறைந்த வெப்பத்தில் நிறுத்துவதே சரி. அதேபோல ரிப்பை இன்னும் மெலிதாக்கிக்கொண்டே போனால், அது சுவருக்கு முன்னதாக உறைந்து, பின்னர் சுருங்கும் சுவர் எதிர்த்திசையில் வளையத் தொடங்கும்.

மிஞ்சிய வளைவைத் தீர்க்க, அச்சையே அதற்கு எதிர்த்திசையில் அந்த அளவு வளைத்து வெட்டுவதும் உண்டு. வெளியே வரும் மூடி வளைந்து நேராகிவிடும். இது நன்றாக வேலை செய்யும், பொருள் மாறாதவரை. பொருள் என்பதில் நிறமும் அடங்கும் என்பதைப் பலர் தாமதமாகத்தான் கண்டுகொள்கிறார்கள். தாலோசயனின் வகையைச் சேர்ந்த நீல, பச்சை நிறமிகள், பி.பி.யிலும் எச்.டி.பி.இ.யிலும் படிகங்கள் தொடங்குவதற்கான விதைகளாகச் செயல்படுகின்றன. அவை கலந்த பிளாஸ்டிக் முன்னதாகவே படிகமாகி, வேறு அளவில், திசைக்குத் திசை வேறுபட்டுச் சுருங்குகிறது. ஒரே அச்சு, ஒரே இயந்திரம், ஒரே அமைப்புகள். வெள்ளை மூடி டப்பாவில் சரியாக உட்காரும், நிறமியை மட்டும் மாற்றி அடுத்த ஷிப்டில் ஓட்டிய நீல மூடி உட்காராது. நிறம் மாறும்போதெல்லாம் எடையையும் சமதளக் கல்லின்மேலுள்ள இடைவெளியையும் மறுபடி அளந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அமைப்புத் தாள் எழுதி வைத்திருக்கும் பட்டறையில் அந்த மூடிகள் திரும்பி வருவதில்லை.